பழைய காருக்கு சென்ட்ரல் லாக், ரிமோட் ஸ்டார்ட்: இம்மொபிலைசரை முதலில் பாருங்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னுடையது பழைய கார். சென்ட்ரல் லாக்கும் ரிமோட் ஸ்டார்ட்டும் போட ஆசை. எதிலிருந்து ஆரம்பிக்கணும்?

சாவியிலிருந்து. கிட்டை வாங்குவதற்கு முன், உங்கள் சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் சிப் இருக்கிறதா, கார் அந்தச் சிப்பைப் படித்த பிறகுதான் எஞ்சினை ஓடவிடுகிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். சரியான சிப் இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத அந்த மின்பூட்டுக்குத்தான் இம்மொபிலைசர் என்று பெயர். மற்ற வயர்களை எல்லாம் மீட்டர் வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். இந்த ஒன்றைத் தெரியாமல் ரிமோட் ஸ்டார்ட் போட்டால், வேலை முழுக்க முடிந்த பிறகுதான் எஞ்சின் ஓடாது என்பது தெரியவரும். அதற்குள் டேஷ்போர்டு கழன்றிருக்கும், இக்னிஷன் வயர்கள் உரிக்கப்பட்டிருக்கும்.

இரண்டு வேலைகளையும் ஒன்றாக நினைக்கவும் வேண்டாம். சென்ட்ரல் லாக் என்பது கதவு சம்பந்தப்பட்டது. ரிமோட் ஸ்டார்ட் சாவி செய்கிற வேலையை சாவி இல்லாமல் செய்வது. இம்மொபிலைசரோ சாவி இல்லாமல் எஞ்சின் ஓடக் கூடாது என்பதற்காகவே வைக்கப்பட்டது. ஆகவே மோதல் பெரும்பாலும் இரண்டாவது வேலையில்தான் வரும்.

என் காரில் இம்மொபிலைசர் இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? பழைய கார்ல இதெல்லாம் இருக்குமா?

1990-களின் நடுவிலிருந்தே பல கார்களில் வந்துவிட்டது. ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். அதனால் 25 வருடப் பழைய காரிலும் இருக்கலாம், அதைவிடப் புதிய காரில் இல்லாமலும் போகலாம். வருடத்தை வைத்து ஊகிக்காதீர்கள், சோதித்துப் பாருங்கள். தேவையானது சமையலறை அலுமினியத் தாள் ஒரு துண்டு மட்டும்.

சாவியின் பிளாஸ்டிக் தலையை மட்டும் தாளால் நான்கைந்து சுற்று இறுக்கமாகச் சுற்றுங்கள். பல் வெட்டிய உலோகப் பகுதி வெளியே இருக்கட்டும். கொத்தில் வேறு சிப் சாவி இருந்தால் கழற்றித் தூரமாக வையுங்கள். இப்போது வழக்கம்போல ஸ்டார்ட் செய்யுங்கள். சாவித் துவாரத்தைச் சுற்றி உள்ளே ஒரு ஆன்டெனா வளையம் இருக்கும். அது பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸில் சிப்புக்கு மின்சாரமும் கொடுத்து, அதன் எண்ணையும் கேட்டு வாங்குகிறது. சிப்பில் பேட்டரி கிடையாது. அலுமினியம் அந்தக் காந்தப் புலத்தைத் தடுத்துவிடுவதால், சாவி திரும்பினாலும் சிப் பதில் சொல்லாது.

எஞ்சின் ஸ்டார்ட் ஆகி பத்து, பதினைந்து விநாடி சாதாரணமாக ஓடினால் கார் சிப்பைக் கேட்கவில்லை என்று அர்த்தம். ஸ்டார்ட் ஆகி ஓரிரு விநாடியில் செத்தாலோ, ஸ்டார்ட்டர் சுற்றியும் எஞ்சின் பிடிக்காமல் போனாலோ, ஸ்டார்ட்டரே அசையாமல் இருந்தாலோ இம்மொபிலைசர் இருக்கிறது. மீட்டர் போர்டில் சாவி அல்லது பூட்டுப் படம் போட்ட விளக்கு வேகமாக மின்னினால் சந்தேகமே வேண்டாம். தாளைப் பிரித்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்து, முன்போல ஓடுகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒன்றிரண்டு தடவைக்கு மேல் இந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டாம். தவறான முயற்சி சேர்ந்தால் சில கார்கள் சில நிமிடங்களுக்குத் தங்களைப் பூட்டிக்கொள்ளும். அப்படி ஆனால் பயப்படாமல், தாள் இல்லாத சாவியை இக்னிஷன் ஆனில் விட்டுக் காத்திருங்கள்.

தாள் சுற்றியும் கார் ஓடுகிறதா? இன்னொரு சோதனை பாக்கி இருக்கிறது. அந்தக் கால கார்கள் சிலவற்றில் இம்மொபிலைசரை விடுவிப்பது சிப் அல்ல, கதவைத் திறக்கும் கம்பெனி ரிமோட்தான். அப்படி ரிமோட் இருந்தால், அதனால் காரைப் பூட்டி, ஓரிரு நிமிடம் விட்டு, கதவைச் சாவியால் திறந்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஓடவில்லை என்றால் உங்கள் பூட்டு அங்கே இருக்கிறது.

முந்தைய ஓனர் ஏதாவது அலாரம் போட்டிருந்தா?

அதுவும் கணக்கில் வரும். டேஷ்போர்டின் கீழ் மூடியைக் கழற்றி ஸ்டியரிங் தண்டைச் சுற்றிப் பாருங்கள். கம்பெனி வயரிங்கில் ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில், கோடு போட்டு இருக்கும். வெளியில் போட்ட இம்மொபிலைசர்காரர்கள் திருடனைக் குழப்புவதற்காக எல்லா வயரையும் கறுப்பிலேயே போடுவது வழக்கம். இன்சுலேஷன் டேப்பில் சுருட்டிய கறுப்பு வயர்க் கட்டும், அதோடு தொங்கும், மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சான ரிலே ஒன்றும் தென்பட்டால், ஸ்டார்ட்டர் வயரையோ ஃப்யூயல் பம்ப் வயரையோ வெட்டி நடுவில் எதையோ வைத்திருக்கிறார்கள். அது பாதி வேலை செய்கிற நிலையில் இருந்தால், முதலில் அதை முழுதாக எடுத்து, வெட்டின வயரைச் சால்டர் செய்து பழையபடி இணைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அலாரம் இருக்கிற காரில் பழுது தேடுவது நரகம்.

சென்ட்ரல் லாக் மட்டும் போட்டா இம்மொபிலைசர் குறுக்கே வருமா?

சிப் சாவி மட்டும் உள்ள காரில் வராது. கதவை எப்படித் திறந்தாலும், துவாரத்தில் சரியான சாவி இருந்தால் எஞ்சின் ஓடும்.

வருவது இரண்டு இடத்தில். ஒன்று, மேலே சொன்னபடி கம்பெனி ரிமோட்டால் விடுபடும் இம்மொபிலைசர். புதிய கிட்டின் ரிமோட் கதவைத் திறந்துவிடும், ஆனால் எஞ்சின் பூட்டியே இருக்கும். அப்போது பழைய ரிமோட்டையும் கூடவே வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் காரின் மின்படம் பார்த்து, இம்மொபிலைசரை விடுவிக்கும் தனி வயர் இருக்கிறதா என்று தேட வேண்டும். இரண்டாவது, கம்பெனி அலாரம். ஓட்டுநர் கதவில் சாவி திரும்பியதைப் பார்த்துத்தான் அது தன்னை அணைத்துக்கொள்கிறது. கிட்டின் மோட்டார் கதவை உள்ளிருந்து இழுத்துத் திறந்தால், கண்ணாடியை உடைத்துக் கைவிட்டுத் திறந்ததாகவே அது எடுத்துக்கொண்டு அலறும். சாவி திரும்பும்போது கதவுப் பூட்டிலிருக்கும் சிறிய ஸ்விட்ச் ஒரு வயரை எர்த் செய்யும். கிட்டின் திறக்கும் சிக்னலை அந்த வயருக்கும் கொடுத்தால் அலறல் நிற்கும்.

நாலு கதவுக்கு கிட் வாங்கியாச்சு. போடும்போது எங்கே தப்பு வரும்?

கதவுக்குள், பூட்டுக் கம்பியில். மின்சாரத்தில் தப்பு வருவதைவிட இங்கே வருவதுதான் அதிகம்.

கிட்டில் ஒரு கன்ட்ரோல் பெட்டியும், பூட்டுக் கம்பியை மோட்டாரால் தள்ளி இழுக்கும் நான்கு ஆக்சுவேட்டர்களும் இருக்கும். மூன்றுக்கு இரண்டு வயர்தான், மோட்டாருக்கு மட்டும். ஓட்டுநர் கதவுக்கானதில் ஐந்து வயர் இருக்கும். கூடுதல் மூன்றும் உள்ளே இருக்கிற ஸ்விட்சுக்கு, கதவு பூட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று பெட்டிக்குச் சொல்வதற்காக. ஆக்சுவேட்டரின் தண்டு ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர்தான் நகரும். அதைக் கதவின் பூட்டுக் கம்பியோடு ஒரே நேர்கோட்டில், கம்பி எந்தத் திசையில் நகர்கிறதோ அதே திசையில் பொருத்த வேண்டும். கோணம் சாய்ந்தால் அந்த இரண்டு சென்டிமீட்டரில் பாதி வீணாகிவிடும்.

அப்படி வீணானால் தெரிகிற அறிகுறி இதுதான்: ரிமோட்டை அழுத்தினால் எல்லாக் கதவும் பூட்டும், உடனே தானாகத் திறந்துகொள்ளும். பெட்டி பழுது என்று மாற்றிவிடுவார்கள், புதுப் பெட்டியும் அதையே செய்யும். ஓட்டுநர் கதவின் தண்டு கடைசி வரை போகாததால் ஐந்து வயர் ஸ்விட்ச் இன்னும் திறந்திருப்பதாகவே சொல்கிறது, பெட்டி அதை நம்பி மற்ற கதவுகளையும் திறக்கிறது, அவ்வளவுதான். கம்பியைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி, தண்டை நடு நிலையில் வைத்து, பூட்டுக் கம்பியும் நடுவில் நிற்கும்போது இறுக்குங்கள். பிறகு மின் இணைப்பு கொடுக்காமலே கையால் பூட்டித் திறந்து பாருங்கள். கைக்குக் கடினமாக இருந்தால் மோட்டாருக்கும் கடினம்தான். பழைய பூட்டில் கெட்டியான கிரீஸை வழித்துவிட்டுப் புதிதாக இடாமல் ஆக்சுவேட்டர் போடாதீர்கள்.

கதவுக்கும் தூணுக்கும் நடுவில் வயர் போகிற இடத்தில் ரப்பர் குழாய் கட்டாயம். கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த இடத்தில் வயர் வளைகிறது. மெல்லிய இழைகள் நிறைந்த வயரைப் போட்டு, கொஞ்சம் தளர்வு விட்டுக் கட்டுங்கள்.

கதவுகளில் ஏற்கெனவே கம்பெனி சென்ட்ரல் லாக் இருந்து ரிமோட் மட்டும் இல்லை என்றால் ஆக்சுவேட்டரே வேண்டாம், சிக்னல் கொடுத்தால் போதும். ஆனால் அந்தப் பூட்டு காற்றழுத்தத்தில் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பழைய ஜெர்மன் கார்கள் பலவற்றில் டிக்கியில் ஒரு பம்ப் உறுமும். அதற்கு அரை விநாடி சிக்னல் பத்தாது, ஏறக்குறைய மூன்றரை விநாடி வேண்டும். கிட்டில் அந்த நேரத்தை மாற்றும் வசதி இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

ரிமோட் ஸ்டார்ட் போட்டாச்சு. ஸ்டார்ட் ஆகுது, ரெண்டு செகண்ட்ல ஆஃப் ஆயிடுது. மூணு தடவை தானே முயற்சி பண்ணிட்டு நின்னுடுது. சாவி போட்டா நல்லா ஓடுது. ஏன்?

அனேகமாக இம்மொபிலைசர். ஆனால் அப்படியே நம்பிவிடாமல் உறுதி செய்துகொள்ளலாம். இதே புகாரோடு வந்த ஒரு பெட்ரோல் ஆட்டோமேட்டிக் காரை எடுத்துக்கொள்வோம், 1999 மாடல். கிட் மாட்டியவர் ஆர்பிஎம் சிக்னல் வயரைச் சந்தேகப்பட்டு, அதை மூன்று இடத்தில் மாற்றி மாற்றிக் கொடுத்திருந்தார். அவர் சந்தேகம் அர்த்தமில்லாததல்ல. எஞ்சின் பிடித்துவிட்டதா என்று கிட்டுக்கு அந்த வயர்தான் சொல்கிறது. அது தப்பாக இருந்தால், எஞ்சின் ஓடவில்லை என்று நினைத்து கிட்டே அணைத்துவிடும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க மல்டிமீட்டர் போதும். மீட்டரின் கறுப்பு முனையை எர்த்திலும், சிவப்பு முனையை இக்னிஷன் வயரிலும் வைத்து ரிமோட்டை அழுத்தினோம். மீட்டர் 12 வோல்ட்டுக்கு ஏறியது, எஞ்சின் பிடித்தது, இரண்டு விநாடியில் இறந்தது. எஞ்சின் இறந்த பிறகும் மீட்டரில் 12 வோல்ட் அப்படியே நின்றது, கொஞ்சம் கழித்துத்தான் விழுந்தது. கிட் மின்சாரத்தை வெட்டவில்லை. எஞ்சினை நிறுத்தியது காரின் சொந்த எஞ்சின் கணினியான இசியு. எஞ்சின் நிற்பதற்கு முன்பே வோல்டேஜ் விழுந்திருந்தால் கதை வேறு, அப்போது கிட்டின் ஆர்பிஎம் வயரையும் செட்டிங்கையும் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்து, நல்ல சாவியைத் துவாரத்தில் போடாமல், அதன் தலையை மட்டும் துவாரத்தின் விளிம்பில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு ரிமோட்டை அழுத்தினோம். எஞ்சின் நிற்காமல் ஓடியது. இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. கிட் சரி, வயரிங் சரி, சிப் மட்டும்தான் குறை.

அதற்கான பாகம் இம்மொபிலைசர் பைபாஸ். பழைய கார்களுக்குப் பொதுவாகச் சரிப்படுவது, சாவியின் சிப்பை உள்ளே வைக்கிற சிறிய பெட்டி. பெட்டிக்குள் ஒரு சுருள் சிப்பைச் சுற்றி இருக்கும். அதிலிருந்து வரும் வயரை காரின் ஆன்டெனா வளையத்தின் மேல் சில சுற்று சுற்றி வைக்க வேண்டும். நடுவில் ஒரு ரிலே. ரிமோட் ஸ்டார்ட் ஓடும்போது ரிலே மூடி, வளையத்தின் புலத்தைப் பெட்டி வரை கொண்டு போகிறது. துவாரத்தில் சாவி இருப்பதாகக் கார் நினைத்துக்கொள்கிறது. அந்தக் காரில் அதை மாட்டியதும் ரிமோட் ஸ்டார்ட் ஓடியது.

மறுவாரம் புதுப் புகார்: இப்போது சாவி போட்டால் சில நேரம் ஸ்டார்ட் ஆவதில்லை. பார்த்தால், ரிலேயை இயக்கும் வயரை இக்னிஷன் வயரில் கொடுத்திருந்தார்கள். சாவியைத் திருப்பும்போதும் ரிலே மூடிவிடுகிறது. வளையத்தின் முன் ஒரே நேரத்தில் இரண்டு சிப், இரண்டும் சேர்ந்து பதில் சொல்ல, கார் எதையும் சரியாகக் கேட்கவில்லை. கிட்டில் ரிமோட் ஸ்டார்ட் ஓடும்போது மட்டும் எர்த் ஆகிற ஒரு அவுட்புட் வயர் உண்டு. ரிலேயின் எர்த் பக்கத்தை அதற்கு மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது. பைபாஸ் போட்ட காரில் ரிமோட் ஓடி சாவி தகராறு செய்தால் முதலில் இந்த வயரைப் பாருங்கள். ரிமோட்டே சில நேரம்தான் ஓடுகிறது என்றால் சுற்றிய வயர் வளையத்திலிருந்து நழுவியிருக்கும். சில மில்லிமீட்டர் விலகினாலே சிக்னல் பலவீனமாகிவிடும்.

சிப்பை காருக்குள்ளேயே வச்சா திருடனுக்கு வசதியாயிடாதா?

பாதுகாப்பு குறைகிறது என்பது உண்மை. அதைக் குறைத்துக்கொள்ள மூன்று விஷயம் செய்யலாம். உள்ளே போவது சிப் மட்டும் இருக்க வேண்டும், பல் வெட்டிய முழுச் சாவி கூடாது. ரிலே மேலே சொன்ன அவுட்புட்டில் மட்டும் இயங்க வேண்டும். இக்னிஷனில் கொடுத்திருந்தால் துவாரத்தை உடைத்துத் திருப்புகிறவனுக்கும் சிப் உதவி செய்யும், இம்மொபிலைசர் இருந்தும் இல்லாதது போல. மூன்றாவது, பெட்டியை ஸ்டியரிங்குக்குக் கீழே டேப் போட்டு ஒட்டாமல், எடுக்க நேரமாகிற இடத்தில் வையுங்கள்.

இருக்கிற இரண்டு சாவியில் ஒன்றைப் பெட்டிக்குக் கொடுத்துவிடாதீர்கள். சில கார்களில் புதுச் சாவி பதிவு செய்ய, பதிவான இரண்டு சாவியைக் காட்ட வேண்டும். முதலில் மூன்றாவது சிப்பைச் செய்து பதிந்து, அதனால் எஞ்சின் ஓடுகிறதா என்று பார்த்து, பிறகு அதைப் பெட்டிக்குக் கொடுங்கள். ஒரே சாவி மட்டும் இருக்கிற கார் என்றால், ரிமோட் ஸ்டார்ட்டை விட்டுவிட்டு அந்தச் செலவில் இரண்டாவது சாவி செய்துகொள்வதே என் யோசனை.

இம்மொபிலைசரையே இசியுவிலிருந்து எடுத்துவிடச் சொல்றாங்க. அது சுலபம் இல்லையா?

செய்பவருக்குச் சுலபம். பிறகு அந்தக் காரை வெட்டிய வெறும் சாவி எதுவும் ஓட்டிக்கொண்டு போகும். இன்சூரன்ஸ் பாலிசி இம்மொபிலைசரைக் கேட்டிருந்தால் திருட்டுக் கிளைமிலும் சிக்கல். சிப்பைப் படிக்கும் பாகம் கெட்டு, மாற்றுப் பாகமும் கிடைக்காத காருக்குத்தான் நான் இதை ஒத்துக்கொள்வேன். வசதிக்காக அல்ல.

என்னுடையது மேனுவல் கியர். ரிமோட் ஸ்டார்ட் போடலாமா?

என்னைக் கேட்டால் வேண்டாம். கியரில் நிற்கும் காரை ரிமோட்டில் ஸ்டார்ட் செய்தால் அது நகரும், முன்னால் யார் நிற்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது.

மேனுவலுக்கென்று வரும் கிட்டுகளில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எஞ்சின் ஓடும்போதே நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, ரிமோட்டை அழுத்த வேண்டும். சாவியை எடுத்தாலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். இறங்கிக் கதவை மூடியதும் அணையும். அதன் பிறகு ஒரு கதவு திறந்தாலும் ரிமோட் ஸ்டார்ட் ரத்தாகிவிடும், ஏனென்றால் யாரோ உள்ளே போய்க் கியரைத் தொட்டிருக்கலாம். இந்த முறை முழுக்கக் கதவு ஸ்விட்சுகளையே நம்பியிருக்கிறது. பழைய காரில் உள்விளக்கு பின்கதவைத் திறந்தால் எரியாது, ஸ்விட்ச் துருப்பிடித்திருக்கும், அல்லது பின்கதவுக்கு ஸ்விட்சே இருக்காது. எல்லாக் கதவுக்கும் ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்க்காமல் இதைப் போடுகிறவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். கிளட்ச் ஸ்விட்சையும் ஹேண்ட்பிரேக் வயரையும் நிரந்தரமாக எர்த் செய்து "எல்லாம் ஓகே" என்று கொடுத்தால், அதைத் திரும்பக் கழற்றச் சொல்லுங்கள்.

கார்புரேட்டர் கார், டீசல் கார்?

கார்புரேட்டருக்கு வேண்டாம். குளிர்ந்த எஞ்சினுக்குச் சோக் போடவும் ஆக்சிலரேட்டரை மிதிக்கவும் ஆள் வேண்டும். டீசலுக்குப் போடலாம், ஆனால் க்ளோ பிளக் சூடாகும்வரை கிட் காத்திருக்க வேண்டும், அந்த செட்டிங் உள்ள கிட்டை வாங்குங்கள்.

எது ஆனாலும் மூடிய ஷெட்டுக்குள் ரிமோட்டில் ஸ்டார்ட் செய்யக் கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஷெட் வீட்டோடு ஒட்டி இருந்தால், ரிமோட் பாக்கெட்டில் தற்செயலாக அழுந்துவதும் ஆபத்துதான். இரண்டு தடவை அழுத்தினால்தான் ஸ்டார்ட் ஆகும்படி கிட்டில் மாற்றிக்கொள்ளுங்கள். பானெட் ஸ்விட்சை வெட்டி விடாதீர்கள். மெக்கானிக் கை உள்ளே இருக்கும்போது ஃபேன் பெல்ட் சுற்றாமல் இருப்பதற்காகத்தான் அது இருக்கிறது.

டெஸ்ட் லேம்ப் வச்சு வயர் தேடலாமா?

கூடாது, மீட்டர் மட்டும். பல்பு போட்ட டெஸ்ட் லேம்ப் எந்த வயரில் தொட்டாலும் அதன் வழியாகக் கணிசமான மின்சாரத்தை ஓடவிடும். இசியு வயரில் தொட்டால் அதன் அவுட்புட் கெடலாம், ஏர்பேக் வயரில் தொட்டால் ஏர்பேக் வெடிக்கலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே மஞ்சள் கனெக்டரோ மஞ்சள் உறையோ போட்ட வயர் இருந்தால் அது ஏர்பேக்குக்கு உரியது, எதற்காகவும் தொடாதீர்கள்.

கிட் போட்டதிலிருந்து ரெண்டு மூணு நாள் நிறுத்தினா பேட்டரி இறங்கிடுது.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, அந்த இடத்தில் மீட்டரை ஆம்பியர் அளவில் தொடராக இணையுங்கள். கதவுகளை மூடி, பானெட் ஸ்விட்சை அழுத்தி வைத்து, அரை மணி நேரம் காரைத் தொடாமல் விடுங்கள். மீட்டர் இணைந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யவோ இக்னிஷன் போடவோ கூடாது. எல்லாம் தூங்கிய பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கிட் மேல் குற்றமில்லை, பேட்டரியைத்தான் சோதிக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் கிட்டின் ஃப்யூஸைக் கழற்றிப் பாருங்கள். அளவு உடனே விழுந்தால், அனேகமாக பைபாஸ் ரிலே எப்போதும் மூடியபடி இருக்கிறது. ஒரு சாதாரண ரிலே மட்டுமே 150 மில்லி ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பெட்டியைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கும். அதன் எர்த் வயர் ரிமோட் ஸ்டார்ட் அவுட்புட்டுக்குப் போகாமல் நேராகப் பாடியில் இணைந்திருக்கும், அல்லது உறை கிழிந்து எங்கோ உலோகத்தில் உரசிக்கொண்டிருக்கும்.